நள்ளிரவில் தோன்றி நிமிடங்களில் மறையும் மலவாசல் வலி

ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் ஒருவரை, மலவாசலுக்குச் சற்று மேலே, உடலின் உட்புறத்தில், கத்தியால் குத்தித் திருகுவது போன்ற வலி திடீரென எழுப்பிவிடுகிறது. மலம் கழித்தால் தீரும் என எண்ணிக் கழிவறைக்குச் செல்கிறார், எதுவும் வெளியேறுவதில்லை. உடல் வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. வந்த சுவடே தெரியாமல் சில நிமிடங்களில் வலி அகன்றுவிடுகிறது. காலையில் எழும்போது உடலில் எக்குறையும் இல்லை. மனத்தில் மட்டும் புற்றுநோயோ என்னும் அச்சம் எஞ்சி நிற்கிறது. வெட்கத்தினால் அவர் எவரிடமும் இதைக் கூறுவதில்லை.

இந்த வலிக்கு மருத்துவத்தில் புரொக்டால்ஜியா ஃபியூகாக்ஸ் என்று பெயர். முற்பகுதி ‘மலக்குடல் வலி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்; பிற்பகுதி ‘ஓடி மறைவது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். டென்மார்க் நாட்டு மருத்துவரான தைசன் 1935 ஆம் ஆண்டில் இப்பெயரால் இதனை விவரித்தார். இது அரிய நோயன்று. இதனை அனுபவிப்போரில் பெரும்பாலோர் மருத்துவரிடம் செல்லாதபடியால் அரியது போலத் தோன்றுகிறது. பலருக்கு ஆண்டுக்குச் சில தடவைகளே வருகிறது. இவ்வலி உயிருக்கு ஆபத்து விளைவிப்பதில்லை. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

மலவாசலைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உள்ளன. வெளிவளையம் நமது விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. உள்வளையம் அவ்வாறன்று, நாம் உறங்கும்போதும் அது தானாகவே இறுகியும் தளர்ந்தும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்த உள்வளையத் தசை சிறிது நேரம் அளவுக்கு மீறி இறுகிக்கொள்வதே இவ்வலிக்குக் காரணம் என்பது மருத்துவர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். இரவில் கெண்டைக்காலில் வரும் பிடிப்பை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அதுவும் கடுமையாக வலித்து, பின்னர் எந்தச் சேதமுமின்றி விலகிவிடுகிறது. மன அழுத்தம் மிகுந்த நாட்களில் இது அடிக்கடி வருவதாகப் பலர் கூறுகின்றனர். உடலுறவுக்குப் பின்னர் வருவதும் உண்டு.

கடிகாரமும் இடைவெளியும்

வலியின் கடுமையை வைத்து நோயின் கடுமையை அளக்க இயலாது. இங்கே மருத்துவர்கள் பார்ப்பது வேறு இரண்டு செய்திகளை: வலி எவ்வளவு நேரம் நீடித்தது, இரண்டு தாக்குதல்களுக்கு இடையே உடல் எவ்வாறு இருந்தது. பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த ரோம் வரையறையின்படி, இவ்வலி மலக்குடலில் திரும்பத் திரும்ப வருவதாகவும், மலம் கழிப்பதோடு தொடர்பற்றதாகவும், சில வினாடிகளிலிருந்து கூடியது 30 நிமிடங்களுக்குள் முடிவதாகவும் இருத்தல் வேண்டும்; இடைப்பட்ட காலத்தில் அங்கே வலி அறவே இருத்தலாகாது. வேறு நோய் இல்லை என்பதும் உறுதிசெய்யப்பட வேண்டும். சட்ட வரையறையைப் போலவே இதனையும் வாசித்தல் வேண்டும்: இவற்றுள் ஒன்று பொருந்தாவிடினும் இப்பெயரை அவ்வலிக்குச் சூட்ட இயலாது.

ஆகவே, அடுத்த தடவை வலி எழுப்பும்போது முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கடும் வலியில் ஐந்து நிமிடம் அரை மணியாகத் தோன்றும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தேதி ஆகிய மூன்றையும் தொலைபேசியிலோ நாட்காட்டியிலோ குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் நீங்கள் கொண்டு செல்லக்கூடிய மிகச் சிறந்த சான்று அதுவே.

விளக்கத்துக்காக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 52 வயதுள்ள ஒருவருக்கு ஏழு மாதங்களில் மூன்று தடவை இவ்வலி வந்தது. முதலாவது இரவு 2.10 மணிக்குத் தொடங்கி 2.18 இல் நின்றது. மற்ற இரண்டும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்தன. இரத்தம் போகவில்லை, உடல் மெலியவில்லை, மலம் கழிக்கும் வழக்கமும் மாறவில்லை. ஆயினும் அவருடைய தாய்மாமன் குடற்புற்றுநோயால் இறந்தவர் என்பதால் அச்சம் நீங்கவில்லை. குடும்ப மருத்துவர் அவரிடம் இவற்றையெல்லாம் கேட்டறிந்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, கையுறை அணிந்த விரலால் மலவாசலின் உட்புறத்தையும் சோதித்தார். இச்சோதனை ஓரிரு நிமிடங்களுக்கு மேல் எடுக்காது. உடன் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. சோதனையில் எதுவும் தென்படவில்லை. குடும்ப வரலாற்றைக் கருதி, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை மலத்தில் கண்டறியும் ‘ஃபிட்’ சோதனையையும் செய்வித்தார். அதிலும் இரத்தம் காணப்படவில்லை. அதன் பின்னரே இன்ன வலி என்று பெயர் கூறினார்.

கதை அங்கே முடியவில்லை. சில மாதங்கள் கழித்து அதே மனிதருக்கு மீண்டும் கடும் வலி வந்தது. ‘பழைய வலிதான், மருத்துவர் ஆபத்தில்லை என்றாரே’ என்று அவர் வாளாவிருந்தார். ஆனால் இம்முறை வலி காலையில், மலம் கழிக்கும் வேளையில் தொடங்கியது. கண்ணாடித் துண்டு கீறுவது போலிருந்தது. கழித்த பின்னும் ஒரு மணி நேரம் எரிந்தது. துடைத்த தாளில் செந்நிற இரத்தம் தெரிந்தது. மேற்கூறிய வரையறையில் மூன்று இடங்களில் இது தவறுகிறது: மலம் கழிப்பதோடு தொடர்பு, நீடித்த நேரம், இரத்தம். பரிசோதித்தபோது மலவாசலின் ஓரத்தில் வெடிப்பு இருந்தது. மலத்தை இளக்கும் மருந்தும் பூச்சு மருந்தும் தரப்பட்டன. அவருக்கு வந்தது ஆறக்கூடிய ஒன்று. எனினும் ‘பழைய வலி’ என்னும் பெயருக்குள் எதையும் அடைத்துவிடலாம் என்பதே இங்குள்ள இடர். ஓடி மறையும் வலி ஒருபோதும் இரத்தத்தை வரவழைப்பதில்லை. இரத்தம் வந்தால் அதற்கு வேறொரு காரணம் இருக்கிறது.

எப்போது, எங்கே செல்ல வேண்டும்

குடற்புற்றுநோய் பெரும்பாலும் இவ்வாறு நள்ளிரவில் குத்திவிட்டு ஓடி மறைவதில்லை. அது தன்னை வேறு வழிகளில் காட்டும்: மலத்தில் இரத்தம், மூன்று வாரங்களுக்கு மேலாக மாறிய மலப் போக்கு, கழித்த பின்னும் முழுமையாகக் கழியாதது போன்ற உணர்வு, காரணமின்றி மெலிதல், சோகையினால் வரும் தீராக் களைப்பு. இவற்றுள் ஒன்று இருந்தாலும், அல்லது வலி 30 நிமிடங்களைக் கடந்தாலும், உங்கள் குடும்ப மருத்துவரிடம் விரைவில் நேரம் பெறுங்கள். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையுள்ளோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தபாலில் வரும் குடற்புற்றுநோய்ச் சோதனைப் பொதி, நோய்க்குறிகள் அற்றவர்களுக்கானது. குறிகள் உள்ளவர் அப்பொதிக்காகக் காத்திருத்தல் கூடாது.

மலவாசலருகே வீங்கி, துடித்து, மணிக்கு மணி வலி கூடி, காய்ச்சலும் வந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது விரைவாகப் பரவும்; நம் சமூகத்தில் நீரிழிவு உள்ளவர் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அன்றே மருத்துவரை அணுகுங்கள். மருத்துவமனை மூடியிருந்தால் 111 ஐ அழையுங்கள். தொடைகளுக்கு இடையே உணர்வற்றுப் போதல், சிறுநீர் கழிக்க இயலாமை, கால்கள் தளர்தல் ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்து வந்தாலோ, நில்லாமல் இரத்தம் பெருகினாலோ, 999 ஐ அழையுங்கள் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வலி வரும் வேளையில்

வலிநிவாரணி மாத்திரைகளால் பயன் இல்லை. அவை வேலை செய்யத் தொடங்குமுன் வலி போய்விடும். கொடீன் கலந்த மாத்திரைகள் மலச்சிக்கலையும் உண்டாக்கும். வெந்நீரில் இடுப்பளவு அமர்தல், முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து மடக்குதல், மலவாசலுக்கு முன்னுள்ள பகுதியைக் கையால் அழுத்துதல் ஆகியவை பலருக்குச் சற்று இதம் தருகின்றன. சிலருக்கு வலியின் உச்சத்தில் மயக்கம் வரும். ஆகவே தலை சுற்றினால் நின்றுகொண்டிராமல் தரையில் அமருங்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதீர்கள். வலியைவிட, குளியலறையில் விழுந்து தலை அடிபடுவதே அந்த நேரத்தில் பெரிய ஆபத்து.

தாக்குதல் அடிக்கடி வந்தாலோ நெடுநேரம் நீடித்தாலோ மருத்துவர் மருந்து எழுதித் தரலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால் மருந்து, வலி நீடிக்கும் நேரத்தைக் குறைத்ததாக 1996 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. தசையைத் தளர்த்தும் நைத்திரேட் களிம்பும் சிலருக்குத் தரப்படுகிறது; அது தலைவலியை உண்டாக்கலாம். வீட்டில் இன்னொருவருக்கு எழுதித் தந்த உறிஞ்சியையோ களிம்பையோ நீங்களாக எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை எடுப்பவர் நைத்திரேட் களிம்பைத் தொட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழும். அம்மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் கூறாமல் மறைப்பவர்கள் உள்ளனர். இந்த ஓரிடத்திலாவது மறைக்க வேண்டாம்.

எந்தச் சொல்லால் கூறுவது

நம்மவர்கள் அந்தப் பகுதியில் வரும் எந்த உபாதையையும் ‘மூலம்’ என்றே கூறுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லை அவ்வாறே ஆங்கிலத்தில் தருவார். மருத்துவரும் மூலத்துக்கான களிம்பை எழுதித் தருவார். இரவு வலி தொடரும். ‘வாயு’, ‘உடற்சூடு’ ஆகிய சொற்களும் இவ்வாறே வழிதவறச் செய்கின்றன. மூல நோய் என்பது வீங்கிய இரத்தக்குழாய். அதில் இரத்தம் உறைந்தால் தொட்டறியக்கூடிய கட்டியும், நாட்கணக்கில் நீடிக்கும் வலியும் இருக்கும். ஆகவே நோயின் பெயரைக் கூறாமல் நடந்ததைக் கூறுங்கள்: “இரவில் மலவாசலுக்கு உள்ளே குத்துவலி எழுப்புகிறது, எட்டு நிமிடத்தில் போய்விடுகிறது, ஏழு மாதங்களில் மூன்று தடவை வந்தது, இடையில் வலி இல்லை, இரத்தம் இல்லை.” இவ்வளவே போதுமானது.

தேசிய சுகாதார சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். நேரம் பதிவு செய்யும்போதே அதனைக் கேளுங்கள். ஆணா பெண்ணா என்னும் விருப்பத்தையும் தெரிவிக்கலாம், நீண்ட நேரச் சந்திப்பையும் கேட்கலாம். காரணம் கேட்கும் வரவேற்பாளரிடம் “அந்தரங்கமான உபாதை” என்று மட்டும் கூறினால் போதும். மொழிபெயர்ப்பதற்காக மகனையோ மகளையோ அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் முன்னிலையில் பெற்றோர் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இரத்தத்தைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான்.