பிரியாவிடை அட்டையில் என்ன எழுதலாம்?

பல வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர் இளைப்பாறுகிறார். அட்டை கைக்கு வரும்போது "கடமையுணர்வு மிக்கவர், நீடூழி வாழ்க" என்பதைத் தவிர எதுவும் தோன்றாது. அப்போது உதவும் குறிப்புகள் இவை. கண்டியில் ஒரு தபால் கந்தோரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. எழுதுமுன் விசாரியுங்கள். "அவர் இல்லாத முதல் திங்கட்கிழமை எந்த வேலை தடுமாறும்?" என்று கந்தோரில் மூன்று பேரிடம் கேளுங்கள். அதில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கட்டும். இளைப்பாறுபவரைப் பார்த்துத் தொழில் பழகியவருக்குத்தான் சின்ன விஷயங்கள் நினைவிருக்கும். நம் உதாரணத்தில் வந்த பதில்: "அரைகுறை விலாசத்தோடு வரும் தோட்டத்துக் கடிதங்களை அக்காவால்தான் பிரிக்க முடியும்."

2. குணத்தைச் சொல்லாமல் செய்ததைச் சொல்லுங்கள். லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லாததால், பெயரும் தோட்டமும் மட்டும் எழுதிய கடிதங்கள் வழியில் தங்கிவிடுவது மலையகத்தில் பழைய சிக்கல். "பொறுமைசாலி" என்பதைவிட "எந்தப் பிரிவு என்று தோட்டத்துக்குப் போன் போட்டுக் கேட்பீர்கள்" என்பது அவரைக் கண்முன் நிறுத்தும்.

3. பெயரை மாற்றிப் பாருங்கள். எழுதிய வரியில் வேறொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்தினால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். ஒரே நாளில் பலர் போகும்போது இது இன்னும் அவசியம். அரச சேவையில் 65 ஆக்கப்பட்ட ஓய்வு வயது மீண்டும் 60 ஆனதால், 2022 டிசம்பர் 31 அன்று நாடு முழுவதும் பெருந்தொகையானோர் ஒன்றாக வெளியேறினார்கள். அப்படிப்பட்ட வேளையில் ஒரே வாசகத்தை எல்லா அட்டையிலும் நகலெடுக்கத் தோன்றும்.

4. அவர் மனநிலையை அறிந்து எழுதுங்கள். இன்னும் சில வருடம் வேலை செய்ய எண்ணியிருந்தவருக்கு "இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்" என்பது குத்தலாகப் படும். அவருடன் அதிகம் பேசுபவரிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் ஓய்வைப் பற்றி எழுதாமல், சேர்ந்து வேலை செய்த காலத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

5. அழைத்தபடியே அழையுங்கள். தினமும் "அக்கா" என்றவரை அட்டையில் "மதிப்புக்குரிய அம்மணி அவர்களே" என்றால் அந்நியமாகிவிடும். சிங்கள நண்பர்கள் சொல்ல விரும்புவதை நீங்கள் மொழிபெயர்த்து எழுத வேண்டாம். அவர்களே தங்கள் மொழியில், தங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுத இடம் விடுங்கள்.

6. சபையில் வாசிக்கப்படும் என்பதை மறக்காதீர்கள். பிள்ளைகளும் உறவினரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நோய், கிடைக்காத பதவி உயர்வு, மேலதிகாரியுடன் வந்த பிணக்கு, ஓய்வூதியத் தொகை ஆகியவற்றைத் தொடாதீர்கள். சேவையில் சேர்ந்த வருடத்தையும் முதலில் வேலை செய்த ஊரையும் அவரிடமோ வீட்டாரிடமோ கேட்டு உறுதிப்படுத்துங்கள். வருடம் பிழைத்தால் மற்ற நல்ல வரிகளும் எடுபடாது.

7. முடிவில் நடக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். "தொடர்பில் இருப்போம்" என்றால் யாரும் தொடர்பில் இருப்பதில்லை. என்ன காரியம், எப்போது என்று குறிப்பிட்டால் மறுபடி சந்திக்க வழி கிடைக்கும்.

8. சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

"அன்புள்ள அக்கா,
1994இல் கலஹாவில் தொடங்கி, 2003இலிருந்து எங்களோடு இருந்தீர்கள். 'மேல்பிரிவு, தெல்தோட்டை' என்று மட்டும் வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்ப நீங்கள் விட்டதே இல்லை. தோட்டத்துக்குப் போன் போட்டு, தகப்பன் பெயர் கேட்டு, ஆளைக் கண்டுபிடிப்பீர்கள். அப்படிக் கிடைத்த கடிதத்தால் நேர்முகத்துக்குப் போன பிள்ளை, வேலை கிடைத்ததும் உங்களைத் தேடி வந்து கவுண்டரில் நின்றது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம். பெரஹரா நாட்களில் வீதி மூடுமுன்னே வந்து கந்தோரைத் திறந்து வைப்பதும் நீங்கள்தான். தோட்டங்களின் பிரிவுப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, விடுபட்டதைச் சொல்லித் தாருங்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு."

9. முதலில் வெறுந்தாளில் எழுதி, அட்டையில் இடம் போதுமா என்று பாருங்கள். ஒருவர் பங்குக்கு நான்கைந்து வரி போதும். வழுவழுப்பான அட்டையில் ஜெல் பேனா மை இழுபடும். சாதாரண பால்பொயின்ட் பேனாவே நல்லது. அட்டையைக் கொடுக்குமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு அட்டை நனைந்தாலும் தொலைந்தாலும் அவருக்கு அனுப்பலாம்.