குழி தின்ற கான்கிரீட்

கேள்வி: வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். 130 அடி நீளத்துக்கு ஜேசிபி வைத்து வானம் தோண்டினோம். வரைபடத்தில் அகலம் 3 அடி, அடியில் போடும் பெட் கான்கிரீட் 6 அங்குலம். 195 கன அடி என்று கணக்கு வந்தது. அதாவது ஐந்தரை கன மீட்டர். சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்தால் போதும் என்றார்கள். நான் 6 கன மீட்டருக்கு ஒரு ரெடிமிக்ஸ் லாரியாகவே சொல்லிவிட்டேன். 20 அடி மிச்சமிருக்கும்போதே கான்கிரீட் தீர்ந்துவிட்டது. அளவில் குறைத்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். குழிதான் குடித்துவிட்டது என்கிறார் மேஸ்திரி. அடுத்து காம்பவுண்ட் சுவருக்கு 200 அடி தோண்ட வேண்டும். அகலம் 2 அடி, கான்கிரீட் 4 அங்குலம். அதற்கு எவ்வளவு கூட்டிச் சொல்வது, ஐயா?
– ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: உங்கள் மேஸ்திரி சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கணக்குப் போட்டே பார்க்கலாம். 6 கன மீட்டர் என்பது 212 கன அடி. அது 110 அடி நீளத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் குழியின் அடி சராசரியாக ஒரே ஒரு அங்குலம் கூடுதலாகத் தாழ்ந்து, அகலம் 2 அங்குலம் கூடியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 110 அடிக்கே 203 கன அடி போய்விடும். மீதி 9 கன அடி சிந்தியதும் ஒட்டியதும். அது சுமார் 4 சதவீதம்தான். லாரி முழு அளவோடு வந்திருந்தாலும் 110 அடியில்தான் நின்றிருக்கும். ஜேசிபி தோண்டிய குழியில் ஒரு அங்குலம் என்பது பெரிய பிழையே அல்ல.

மேடும் பள்ளமும் சேர்ந்து சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. மேடு இருக்கும் இடத்தில் கான்கிரீட் 6 அங்குலத்துக்குக் குறையும் என்பதால் அதைச் செதுக்கி எடுத்துவிடுவோம், எடுக்கவும் வேண்டும். பள்ளத்தையோ கான்கிரீட் வந்து நிரப்பும். கழிவது எதுவும் இல்லாமல் கூடுவது மட்டுமே நடக்கும். பக்கவாட்டிலும் இதே கதைதான். மண் சரிந்து அகலம் கூடும். சரிந்த மண்ணை அள்ளிப் போடும்போது அடி இன்னும் கொஞ்சம் தாழும்.

அந்த 5 சதவீதம், பலகை அடித்து ஊற்றும் தளத்துக்கும் பீமுக்கும் பொருந்துகிற கணக்கு. அங்கே அச்சு அளவு மாறாது, சிந்துவது மட்டுமே நஷ்டம். மண்குழிக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. குழியின் பிழை அங்குலத்தில் வருவது. ஒன்றரை அடி கனத்துக்கு ஊற்றும் இடத்தில் ஒரு அங்குலப் பள்ளம் ஐந்தரை சதவீதம்தான். அதே ஒரு அங்குலம் 6 அங்குல பெட்டில் கிட்டத்தட்ட 17 சதவீதம், 4 அங்குல பெட்டில் 25 சதவீதம். கனம் குறையக் குறைய, கூட்டிச் சொல்ல வேண்டிய விகிதம் ஏறும். அதனால் மண்ணின் பிழைக்குச் சதவீதம் போடாமல் அங்குலத்தையே அளந்து கூட்டுங்கள். சதவீதத்தைச் சிந்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது ஒரு மணி நேர வேலை. டியூப் லெவல் பிடித்து, கான்கிரீட்டின் மேல்மட்டத்துக்கு ஓர் அடி உயரத்தில் நைலான் கயிறு கட்டுங்கள். உங்கள் வீட்டுக் குழியில் கயிற்றிலிருந்து அடி வரை 18 அங்குலம் வந்திருக்க வேண்டும். ஐந்தடிக்கு ஒரு இடத்தில், இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று டேப்பைத் தொங்கவிட்டு எழுதுங்கள். 18, பத்தொன்பதரை, 19, 20, பதினெட்டரை என்று வந்தால் சராசரி 19. ஒரு அங்குலம் கூடுதல். 18-க்குக் குறைவாக எங்கே வந்தாலும் முதலில் அதைச் செதுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அகலத்தையும் அதே இடங்களில் அடியில் ஒன்று, கான்கிரீட் நிற்கும் உயரத்தில் ஒன்று என எடுங்கள்.

இந்த அளவைத் திமிசு போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். தளர்ந்த மண் இடி வாங்கினால் இறங்கும். இரவில் மழை பெய்திருந்தால் முந்தைய நாள் அளவு உதவாது. சேற்றை வழித்து எடுத்தாலே ஒரு அங்குலம் போய்விடும்.

அளந்து பார்த்துப் பள்ளம் அதிகம் என்று தெரிந்ததும், தோண்டிய மண்ணையே தள்ளி மட்டம் செய்யச் சிலர் துணிவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்தத் தளர்ந்த மண் பின்னால் சுவரின் பாரத்தில் அமுங்கும். அந்தப் பள்ளத்தை கான்கிரீட்டே நிரப்பட்டும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் தோண்டும் கட்டம்தான். ஜேசிபியை மூன்று நான்கு அங்குலம் மேலேயே நிறுத்திவிட்டு, மீதியை மண்வெட்டியால் மட்டம் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் காம்பவுண்டில் அதன் பலன் நன்றாகத் தெரியும். வரைபடப்படி அதற்கு 133 கன அடி, 3.8 கன மீட்டர். வீட்டுக் குழியைப் போலவே ஒரு அங்குலம் ஆழமும் 2 அங்குலம் அகலமும் கூடினால், சிந்துவதற்கு 4 சதவீதம் சேர்த்து 188 கன அடி, அதாவது 5.3 கன மீட்டர் ஆகும். வரைபடத்தைவிட 40 சதவீதம் அதிகம்! கையால் செதுக்கி, ஆழத்தில் அரை அங்குலம், அகலத்தில் ஒரு அங்குலம் என்று பிடித்துவிட்டால் 4.6 கன மீட்டர் போதும். முக்கால் கன மீட்டர் கான்கிரீட்டின் விலையை இரண்டு ஆள் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எப்படியானாலும் குழியை அளந்து வந்த எண்ணை மேல்நோக்கி அரை கன மீட்டருக்கு முழுமையாக்கிச் சொல்லுங்கள்.

சிந்துவதைப் பொறுத்தவரை, லாரியின் சரிவுத் தொட்டியிலிருந்து நேராகக் குழியில் விழுந்தால் 2 சதவீதம் போதும். பாண்டில் சுமந்து கொட்டினால் 4 வையுங்கள். பம்ப் வைத்தால் குழாயில் தங்குவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 5 அங்குலக் குழாய் 100 அடிக்கு 13 கன அடிக்கு மேல் பிடித்துவைக்கும். இந்தச் சின்ன வேலைக்குப் பம்ப் வேண்டாம் என்பேன்.

சந்தேகம் தீர வேண்டுமானால் அடுத்த லாரியை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை மேடையில் ஏற்றுங்கள். சாதாரண ஜல்லி கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ இருக்கும். நீங்கள் வாங்கிய 6 கன மீட்டருக்கு 14 டன்னுக்கு மேல் வந்திருக்க வேண்டும். எடை சரியாக இருந்தால் பேச்சு குழியைப் பற்றித்தான்.

மிச்சமிருக்கும் 20 அடிக்கு 38 கன அடி வேண்டும். இதற்குத் தனி லாரி கூப்பிடாதீர்கள். வந்தது எம்-10 என்றால், 1:3:6 கலவைக்கு ஒரு மூட்டை சிமென்ட் சுமார் 8 கன அடி தரும். 5 மூட்டை, எம் சாண்ட் 19 கன அடி, ஜல்லி 37 கன அடி இருந்தால் மிக்சரில் கலந்தே முடித்துவிடலாம். கம்பி இல்லாத பெட் என்பதால் இடையில் ஒரு இணைப்பு வருவதில் ஆபத்தில்லை. பழைய ஓரத்தில் உதிரியாக நிற்பதைக் கொத்தி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, சிமென்ட் பால் பூசிவிட்டு ஊற்றுங்கள்.