மாமாவின் முப்பது நாட்கள்

நாமெல்லாம் வேலைக்குப் போகும் கனவில் இருக்கிறோம். நான் எழுதப் போவது வேலை போன பிறகு வரும் முதல் மாதத்தைப் பற்றி. கேம்பஸ் இன்டர்வியூ பற்றிப் பலரும் எழுதுவார்கள், இதை யாரும் எழுதுவதில்லை.

எனக்கு ஃபீஸ் கட்டுவது என் தாய்மாமா. கோவையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. லேத் ஆபரேட்டராக 7 வருடம் 8 மாதம் வேலை பார்த்தவர். 2025 ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம், "ஆர்டர் இல்லப்பா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று ஒரு தாளை நீட்டினார்கள். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். "என் சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறேன்" என்று இருந்தது!

முதல் மாதத் திட்டத்தில் முதல் வேலை இதுதான். வேலை தேடுவதற்கு முன்னால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். மாமா சம்பளம் 19,500 ரூபாய். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அந்தச் சம்பளம். அதோடு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதையும் ஒரு வருடமாகச் சேர்க்கலாம். ஆக 8 வருடம், வருடத்துக்கு 9,750, மொத்தம் 78,000. கிராஜுவிட்டி தனி. 5 வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் 97,500 ரூபாய் போயிருக்கும். அப்போது இருந்தது 1947ஆம் வருடச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் புதுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் இந்தக் கணக்கு மாறவில்லை.

மறுநாள் மாமா சத்தம் போடவில்லை. "நீங்களே நிறுத்துறதா லெட்டர் குடுங்க, இல்லேன்னா லேபர் ஆபீசுல மனு குடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். நோட்டீஸ் சம்பளம் அன்றே வந்தது. மீதி மூன்று வாரம் இழுத்தது. அனுபவச் சான்றிதழ், மூன்று மாத சம்பளச் சீட்டு, பி.எஃப். யு.ஏ.என். நம்பர் எல்லாம் கையோடு வாங்கிக்கொண்டார். கேட்டைத் தாண்டிய பிறகு கேட்டால் அலைய விடுவார்கள். ஏப்ரலிலிருந்து இ.எஸ்.ஐ. பிடித்திருந்ததால் அடுத்த ஜூன் வரை ஆஸ்பத்திரி வசதி உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பிறகு பணம். வீட்டுச் செலவு மாதம் 18,000. அதனால் நோட்டீஸ் சம்பளத்தில் ஒரு மாதம் ஓடும், 78,000 வந்தால் இன்னும் நான்கு மாதம். இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், நான்காம் நாளே ஒரு கான்ட்ராக்டர் 14,000க்குக் கூப்பிட்டார். பயத்தில் போயிருந்தால் அடுத்த இடத்திலும் அந்த 14,000-ஐ வைத்துத்தான் பேரம் பேசுவார்கள். நான்கு வாரம் வரை 18,000க்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

இரண்டாம் வாரம் பயோடேட்டா. மாமா சொன்னது "ஆபரேட்டர், 8 வருஷ அனுபவம்" என்ற ஒரே வரி. நான் குடைந்து குடைந்து கேட்டேன். ஃபனுக் கண்ட்ரோல், பம்ப் ஷாஃப்ட், 20 மைக்ரான் டாலரன்ஸ், தானே டூல் மாற்றி ஆஃப்செட் போடுவார். இதையெல்லாம் எழுதினோம். யாரிடம் கொடுப்பது? இன்சர்ட் விற்க வரும் சேல்ஸ்காரரையும் மெஷின் சர்வீஸ் செய்ய வருபவரையும் மாமா பிடித்தார். எந்தப் பட்டறையில் புது மெஷின் இறங்குகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். (பணம் கட்டினால் வேலை என்ற ஏஜென்ட்டும் வந்தார், அவரை விட்டுவிட்டோம்.)

போன இடம், தேதி, சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்தோம். கூப்பிடவே இல்லையென்றால் பயோடேட்டாவிலோ தேர்ந்தெடுத்த இடத்திலோ தப்பு. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் டெஸ்டில் தப்பு. மூன்றாம் வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்தால், ஆறு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு இடத்தில் டெஸ்டில் விழுந்திருக்கிறார். இரண்டிலும் ஒரே காரணம். 25 மி.மீ. ஷாஃப்ட் 25.06 வந்தால் எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் -0.06 போடுவார், அதில் கை தவறாது. ஆனால் புரோகிராமைக் காட்டி "இந்த லைன் என்ன செய்யுது?" என்றால் முழிப்பார். இத்தனை வருடமும் புரோகிராம் போட்டது வேறு ஆள்.

அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் சி.என்.சி. புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். G71 என்றால் ரஃப்பிங் சைக்கிள், G70 என்றால் ஃபினிஷிங். "இதத்தானடா தெனமும் பாத்துக்கிட்டு இருந்தேன், பேருதான் தெரியாது" என்றார். ஆறே நாளில் பிடித்துக்கொண்டார். எனக்கு அதே பாடத்தில் மார்க் கம்மி என்பது வேறு விஷயம்.

27ஆம் நாள் குறிச்சியில் ஒரு பட்டறையில் செட்டர் வேலை கிடைத்தது, சம்பளம் 18,500. சேரும்போது பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுத்தார். புது நம்பர் போட்டிருந்தால் பழைய பி.எஃப். சர்வீஸ் தனியாக நின்றுவிடும். பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும், மாமாவுக்கு அப்போது இன்னும் இரண்டு வருடம் நான்கு மாதம் பாக்கி இருந்தது.

— மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு மாணவன்