மணி பிளான்ட் புதராக அடர: எங்கே வெட்டுவது, வெட்டியதை என்ன செய்வது?

ஜன்னல் கம்பியில் ஏறி, திரைச்சீலைக் கழி வழியாகப் போய், மறுமுனையில் நாலு இலையோடு தொங்கும். தொட்டிப் பக்கம் பார்த்தால் வெறும் தண்டுதான் இருக்கும். சில வருடம் வெட்டாமல் விட்ட மணி பிளான்ட் பெரும்பாலும் இந்தக் கோலத்துக்குத்தான் வருகிறது. வெட்டினால் அடர்ந்துவிடும் என்று நுனியை மட்டும் கிள்ளிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வெட்டுவது பாதி வேலைதான். வெட்டிய துண்டுகளை வேர்பிடிக்க வைத்து அதே தொட்டியில் திரும்ப நட்டால்தான் தொட்டி நிறையும்.

1. கத்தரியை எடுக்கும் முன் கணுவைத் தேடுங்கள்

கொடியில் ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் தெரியும். அதுதான் கணு. அதன் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் குட்டையாக, மரு மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது காற்று வேர். தண்ணீரோ ஈரமண்ணோ பட்டால் அங்கிருந்து வேர் ஓடும். இலைக்காம்பின் அடிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சின்ன முளை ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். புதுக் கிளை வருவது அதிலிருந்துதான். வேரும் கிளையும் கணுவில்தான் பிறக்கின்றன. அதனால் கணு இல்லாமல் இலையைக் காம்போடு மட்டும் கிள்ளித் தண்ணீரில் போட்டால், நாள்கணக்கில் பச்சையாக நிற்குமே தவிர செடியாகாது.

2. கணுவுக்கு மேலே 1 சென்டிமீட்டரில் வெட்டுங்கள்

தொட்டியில் நிற்கப்போகும் பாகத்தில் எது கடைசிக் கணுவோ, அதற்கு 1 செ.மீ. மேலே வெட்டுங்கள். கணுவை ஒட்டி வெட்டினால் முளை காயப்படும். கணுவுக்கு மேலே நீளமாகத் தண்டை விட்டால் அந்த மிச்சம் காய்ந்து கறுத்துவிடும். கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும். மழுங்கியது தண்டை நசுக்கிவிடும். வெட்டும் முன் அலகை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள். மணி பிளான்ட் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். கையுறை போடுவது நல்லது. வெட்டிய துண்டுகளைக் குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

3. நுனி போனால் ஒன்றிரண்டு கிளைதான்

வளரும் நுனியில் உருவாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே உள்ள முளைகளை எழவிடாமல் அடக்கிவைக்கிறது. நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்கி, வெட்டுக்கு மிக அருகில் உள்ள முளை விழிக்கும். சில சமயம் அதற்கடுத்ததும் விழிக்கும். துளசியைக் கிள்ளினால் பக்கமெல்லாம் கிளைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் அதை எதிர்பார்க்கிறார்கள். இது கொடி. ஆறடிக் கொடியின் நுனியை ஓரடி வெட்டினால் ஐந்தாவது அடியில்தான் கிளை வரும், மண்ணருகில் வராது. தொட்டியருகில் தழைக்க வேண்டுமானால் தொட்டியருகில்தான் வெட்ட வேண்டும்.

4. மண்ணிலிருந்து மூன்று, நான்கு கணு மிஞ்சட்டும்

செடி நன்றாக வேரோடி, இலைகள் பளிச்சென்று இருந்தால் எல்லாக் கொடிகளையும் ஒரே நாளில் மூன்று, நான்கு கணு அளவுக்கு வெட்டிவிடலாம். மிஞ்சும் தண்டில் இலையே இல்லாவிட்டாலும் கவலையில்லை. தண்டு அழுத்தினால் கெட்டியாகவும் நகத்தால் லேசாகக் கீறினால் பச்சையாகவும் இருந்தால் முளை வரும். அழுத்தும்போது மெத்தென்று அமுங்கும் தண்டு செத்துவிட்டது. அதை அடியோடு எடுத்துவிடுங்கள். செடி ஏற்கெனவே வாடி நோஞ்சானாக இருந்தால் பாதிக் கொடிகளை மட்டும் வெட்டுங்கள். அவற்றில் முளை வந்த பிறகு மீதியை வெட்டலாம்.

நம் ஊரில் கத்திரி வெயில் தணிந்த பிறகு ஆடி, ஆவணி இதற்குத் தோதான காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காயாது, துண்டுகள் அழுகும் வாய்ப்பு கூடும். மார்கழிக் குளிரில் வேர்விட அதிக நாள் எடுக்கும்.

5. ஒரு கணு, ஒரு இலை: ஒரு துண்டு

வெட்டிய நீளக் கொடியை அப்படியே பாட்டிலில் செருகினால் கிடைப்பது இன்னொரு நீளக் கொடிதான். அடர்த்தி வேண்டுமென்றால் துண்டு துண்டாக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும் ஒரு இலையும் இருந்தால் போதும். கணுவுக்கு மேலே 1 செ.மீ., கீழே 2 செ.மீ. தண்டு விடுங்கள். கணுவுக்குக் கீழே நீளமாகத் தண்டை விட்டால் அந்தப் பகுதியில் வேர் வராது, தண்ணீரில் அழுகி நாற்றமடிக்கும். நுனித் துண்டில் மட்டும் இரண்டு மூன்று கணு இருக்கலாம். அதில் வளரும் முனை தயாராக இருப்பதால் அது முதலில் இலைவிடும்.

6. தண்ணீரில் வைத்தால்

கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்க வேண்டும். அகல வாய் பாட்டிலானால் ஐந்தாறு துண்டுகளைச் சேர்த்து வைக்கலாம். வெயில் நேராகப் படாத, வெளிச்சமான ஜன்னலோரத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். வேர் 3 முதல் 5 செ.மீ. நீண்டதும் மண்ணுக்கு மாற்றுங்கள். பாட்டில் முழுக்க வேர் சுருளும்வரை காத்திருந்தால், தண்ணீரிலேயே பழகிய அந்த வேர் மண்ணுக்கு மாறத் திணறும்.

வெட்டுவாய் பழுப்பாகி வழவழப்பு ஏறினால், அழுகிய பாகத்துக்கு மேலே நல்ல தண்டு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வையுங்கள். கணுவே அழுகிவிட்டால் அந்தத் துண்டு தேறாது.

தண்ணீரை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இது செடிக்காக மட்டுமல்ல. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரின் விளிம்பை ஒட்டிப் பாத்திரச் சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் சாகாமல், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

7. நேராக மண்ணில் வைத்தால்

துண்டுகள் நிறைய இருந்தால் இதுவே எளிது. வேர் முதலிலிருந்தே மண்ணுக்குப் பழகிவிடும். கோகோபீட்டும் மணலும் சரிபாதி கலந்து, கணு மண்ணுக்குள் போகும்படி செருகி, சுற்றி லேசாக அழுத்துங்கள். மூன்று வாரம் ஈரம் விடாமல் இருக்க வேண்டும். ஈரம் என்றால் கையில் பிடித்துப் பிழிந்தால் சொட்டாத அளவு. வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள், வந்த வேரும் அறுந்துபோகும். காம்பைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்தால் வர மறுக்கிறதா? வேர் பிடித்துவிட்டது. புது இலை வர மேலும் சில வாரம் ஆகலாம். ஒரு துண்டில் இருக்கும் ஒரே இலை மஞ்சளித்து விழுந்தாலும் தண்டு கெட்டியாக இருந்தால் பொறுத்திருங்கள்.

8. மொட்டைத் தண்டையும் வீசாதீர்கள்

இலை உதிர்ந்த தண்டிலும் கணுவும் முளையும் இருக்கும். இரண்டு கணு அளவுக்கு வெட்டி, ஈரமண்ணின் மேல் படுக்கை வாட்டத்தில் வைத்து, பாதி புதையும்படி அழுத்துங்கள். காற்று வேர் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். இலைத் துண்டைவிட இது மெதுவாகத்தான் முளைக்கும்.

9. ஒரு தொட்டிக் கணக்கு

எட்டு அங்குலத் தொட்டியில் மூன்று கொடிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சுமார் ஆறடி, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இருபது கணு. முதல் எட்டுக் கணுவில் இலை இல்லை, மீதிப் பன்னிரண்டில் உண்டு. நான்காவது கணுவுக்கு மேலே வெட்டினால் தொட்டியில் மூன்று குட்டைத் தண்டுகள் நிற்கும். அவற்றில் மூன்று முதல் ஆறு கிளை வரும். அவ்வளவுதான் வெட்டின் பலன். கையில் இருக்கும் துண்டுகளோ முப்பதுக்கு மேல். அவற்றில் பெரிய இலையும் நல்ல கணுவும் உள்ள பன்னிரண்டை வேர்விட வைத்து அதே தொட்டியில் நடுங்கள்: விளிம்போரம் எட்டு, நடுவில் நான்கு. மூன்று கொடி இருந்த இடத்தில் இப்போது குறைந்தது பதினைந்து வளரும் முனைகள். மீதித் துண்டுகளை இன்னொரு தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம், கேட்பவர்களுக்கும் கொடுக்கலாம்.

10. வெட்டிய பிறகு தண்ணீரைக் குறையுங்கள்

வெட்டிய செடி சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இலை இருந்தால்தான் தண்ணீர் செலவாகும். இலையெல்லாம் போன தொட்டிக்குப் பழையபடி ஊற்றினால் மண் காயாமல் வேர் அழுகும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள்; உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். புதுத் துண்டுகளை அதே தொட்டியில் நட்டிருந்தால், மேல்மண்ணுக்கு மட்டும் தெளிப்பானால் ஈரம் காட்டினால் போதும். புது இலை விரியும்வரை எந்த உரமும் வேண்டாம். பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவலாம்.

11. தொட்டியை இடம் மாற்றாவிட்டால் பழைய கதைதான்

வெளிச்சம் போதாத மூலையில் கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை சிறுக்கும், மஞ்சள் வரிகள் மங்கும். அதே மூலையில் வைத்தால் புதுக் கிளைகளும் அப்படியே இழுத்துக்கொண்டு போகும். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்றடிக்குள், தொட்டியின் மேல்மண்ணிலும் வெளிச்சம் விழும்படி வையுங்கள். அலமாரி மேல் ஏற்றிவைத்த தொட்டியில் தொங்கும் கொடிக்கு வெளிச்சம் கிடைத்தாலும் தொட்டியின் வாய் இருட்டில் இருக்கும். அடிப்பக்கம் மொட்டையாவதற்கு அதுவும் ஒரு காரணம். வரி இல்லாமல் முழுப்பச்சையாக ஓடும் கிளை இருந்தால், வரியுள்ள கடைசி இலையின் கணுவுக்கு மேலே அதை வெட்டிவிடுங்கள்.

12. அடுத்த வெட்டு

புதுக் கிளைகள் நான்கைந்து இலை விட்டதும் நுனியை ஒரு கணு அளவு கிள்ளுங்கள். இந்த முறை வெட்டு தொட்டிக்கு அருகிலேயே இருப்பதால் கிளையும் அங்கேயே வரும். பிறகு நீண்டு போகும் கொடியை மட்டும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வெட்டி, துண்டுகளை மண்ணில் இடைவெளி தெரியும் இடத்தில் செருகிவந்தால் போதும். ஆறடிக்கு ஓடவிட்டு மறுபடி ஒரேயடியாக வெட்ட வேண்டியிருக்காது.