கலையைத் தேடினால் கல்வி வருகிறது

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஒரு சிறு தேடுபொறி செய்யும் ஒப்படைப்பு கொடுத்திருந்தேன். மாணவர்கள் எழுதிய மூன்று கட்டுரைகளைச் சொற்களாகப் பிரித்து, தேடும் சொல் எதில் அதிகமோ அதை முதலில் காட்ட வேண்டும். ஒரு மாணவி 'கலை' என்று தேடினாள். கலை விழா பற்றிய கட்டுரையில் அந்தச் சொல் இரண்டு முறை இருந்தும், 'கல்வியின் பயன்' என்ற கட்டுரைதான் முதலில் வந்தது. அதில் 'கலை' ஓரிடத்தில்கூட இல்லை. எண்ணிக்கையில்தான் தவறு என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

"சொல்லையெல்லாம் பிரிச்சு அச்சிட்டுப் பாருங்க சார்" என்றாள். பார்த்தேன். 'கலை' என்ற சொல் 'கல' என்று நின்றது. 'கல்வி'யோ 'கல', 'வ' என இரண்டாக உடைந்திருந்தது. ஆறு முறை வந்த 'கல்வி' ஆறு 'கல'வாக எண்ணப்பட்டிருக்கிறது!

சொற்களைப் பிரிக்க `\w+` என்ற வடிவத்தை நான்தான் பாடத்தில் கொடுத்தேன். பைத்தானின் `re` தொகுதியில் `\w` எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். யூனிகோடில் 'க', 'ல' போன்றவை எழுத்துகள். ஆனால் ஐகாரக் குறி, இகரக் குறி, புள்ளி முதலியவை எழுத்தோடு சேரும் குறிகள் என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன. அதனால் அவை சொல்லின் எல்லையாகிவிடுகின்றன. ஆங்கில வாக்கியத்தில் சோதித்தால் எல்லாம் சரியாகவே வரும். தமிழிலும் பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். தமிழ் எழுத்துகளின் முழு வரிசையையும் சேர்த்துவிட்டால் போதும்:

```python
import re
from collections import Counter

def tokens(s):
    return re.findall(r'[\w\u0B80-\u0BFF]+', s)

def tf(s):
    t = tokens(s)
    return {w: n/len(t) for w, n in Counter(t).items()}
```

இப்போது கல்விக் கட்டுரையில் 'கலை'யின் எண்ணிக்கை 0. ஆனால் மூன்றாவது கட்டுரையான ஆண்டு விழா அறிக்கை முன்னால் வந்து நின்றது. 120 சொற்கள் கொண்ட அதில் 'கலை' 3 முறை வருகிறது. கலை விழாக் கட்டுரையிலோ 40 சொற்கள், அதில் 2 முறை. வெறும் எண்ணிக்கையை எடுத்தால் நீளமான கட்டுரைக்கே சாதகம். ஆகவேதான் `tf` சார்பில் மொத்தச் சொற்களால் வகுக்கிறோம். 3/120 என்பது 0.025, 2/40 என்பது 0.05. கலை விழா முதலிடத்துக்கு வந்துவிட்டது. (வகுக்கும் எண்ணும் பிரிப்பைப் பொறுத்ததே. பழைய முறையில் துண்டுகள் பெருகியதால் அதுவும் கூடியிருந்தது.)

இன்னொரு சிக்கல் தீரவில்லை. 'கலையை', 'கலைகள்', 'கலையில்' ஆகியவற்றை இந்த நிரல் வேறு வேறு சொற்களாகவே எண்ணும். முதல் மூன்று எழுத்துகளை மட்டும் ஒப்பிடலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். பைத்தானுக்குக் குறியும் தனி எழுத்துதான். ஆகவே 'கலை' என்பதன் முதல் மூன்றே முழுச்சொல். அப்படிச் செய்தால் 'கலைந்தது' என்பதும் கலையாகிவிடும். வேற்றுமை உருபுகளின் பட்டியலை வைத்துச் சொல்லின் ஈற்றை நீக்கிப் பார்க்கலாம் என்று தமிழாசிரியரிடம் பேசியிருக்கிறேன். 'மரத்தில்' என்பதில் 'இல்'லை நீக்கினால் 'மரத்து' கிடைக்கிறது, 'மரம்' கிடைப்பதில்லை. அத்துச் சாரியையை எப்படிக் கழிப்பது என்பதில் இப்போது நிற்கிறோம்.

மாணவிக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் எடையைக் கணக்கிடும் முன் பத்துத் தமிழ்ச் சொற்களைப் பிரித்து அச்சிட்டுக் காட்டச் சொல்கிறேன். புள்ளியோ கொம்போ காணாமல் போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.