வட்டிக்கும் வட்டி உண்டா?

கணக்குப் பாடத்தில் எளிய வட்டி, கூட்டு வட்டி என்று இரண்டு வரும். வாய்பாட்டைப் பாடமாக்கிய பிள்ளைகூட, "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் முழிக்கும். வாய்பாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சேமிப்பை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பெற்றோரும் பிள்ளையோடு உட்காருங்கள், ஒரு பென்சில் போதும்.

ஒரு குடும்பம் 10,000 ரூபாவை மூன்று வருடத்துக்கு வங்கியில் போடுகிறது. வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 10 என்று வைப்போம். கணக்குச் சுலபமாக இருக்கத்தான் 10 எடுத்தோம். வங்கி தரும் வட்டி வீதம் காலத்துக்குக் காலம் மாறும்.

முதல் வருட முடிவில் வட்டி 1,000 ரூபா. இதுவரை இரண்டு முறைக்கும் வித்தியாசமே இல்லை. இனிமேல்தான் பாதை பிரிகிறது.

அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் கணக்கில் மிஞ்சுவது பழைய 10,000தான். அடுத்த வருடமும் 1,000, அதற்கடுத்த வருடமும் 1,000. மூன்று வருட வட்டி 3,000. இது எளிய வட்டி.

எடுக்காமல் விட்டால் இரண்டாம் வருடம் முதல் 11,000 ஆகிவிடும். அதற்கு வட்டி 1,100. இப்போது கணக்கில் 12,100. மூன்றாம் வருட வட்டி 1,210. கடைசியில் கையில் வருவது 13,310 ரூபா, அதாவது வட்டி மட்டும் 3,310. இது கூட்டு வட்டி.

அந்த 310 ரூபா எங்கிருந்து வந்தது? இதைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வையுங்கள். இரண்டாம் வருடம் கூடுதலாக வந்தது 100. மூன்றாம் வருடம் கூடுதல் 210. பல பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழும். "வருஷத்துக்கு நூறு நூறாக் கூடுது" என்று நினைத்து மூன்றாம் வருடத்துக்கு 1,200 போடும். விடை 13,300 என்று வந்தால் பிழை இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். விட்டுப்போன 10 ரூபா, இரண்டாம் வருடம் கூடுதலாகக் கிடைத்த 100 ரூபாவுக்கான வட்டி.

மூன்று வருடத்தில் 310 ரூபா பெரிசில்லை என்று தோன்றும். அதே பணத்தைப் பத்து வருடம் விட்டால் எளிய வட்டியில் மொத்தம் 20,000, கூட்டு வட்டியில் 25,937 ரூபா. அதனால் நிலையான வைப்புப் போடும்போது ஒன்றைக் கேளுங்கள்: தவணை முடிந்ததும் வட்டியையும் முதலோடு சேர்த்துப் புதுப்பிப்பார்களா, இல்லை முதலை மட்டுமா? மாதாமாதம் வட்டியைக் கையில் வாங்கிச் செலவழிப்பவர்களுக்கு முதல் வளராது. சிலருக்கு அந்த மாதப் பணம் தேவைதான், அதில் தப்பில்லை. எது நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 20,000 ரூபா, நூற்றுக்கு 8, இரண்டு வருடம். இரண்டு முறையிலும் செய்து பாருங்கள். வித்தியாசம் 128 ரூபா வரவேண்டும். அந்த 128 எதற்கான வட்டி என்றும் பக்கத்திலே எழுதுங்கள்.