லேபிளில் 28, டேப்பில் முப்பதரை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. பதிலை உனக்கு மட்டும் எழுதாமல், தையல் மெஷினை வாங்கிப் போட்டுவிட்டு ஜீன்ஸ் ஆல்ட்ரேஷனில் இறங்கியிருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டி என்றால் இரும்பு உருக்காலைதான் ஊருக்குத் தெரியும். ஆனால் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் பெண்கள் உடுத்துவது பெரும்பாலும் ஜீன்ஸும் குர்த்தியும்தான். அந்தப் பிராது முழுக்க உன் கடை வாசலுக்குத்தானே வரும்.

நீ எழுதியிருந்த பெண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒரே கம்பெனியின் இரண்டு ஜீன்ஸ், நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டிலும் லேபிள் 28. டேப் வைத்தால் நீலத்தின் இடுப்புப் பட்டி 30½ அங்குலம், கறுப்பு 29½. அவள் இடுப்பை அளந்தாய், சரியாக 28. நீலம் அவளுக்குப் பொருந்துகிறது, கறுப்பு இறுக்குகிறது. “28 இடுப்புக்கு 29½ எப்படிக்கா இறுக்கும்? உங்க டேப்தான் தப்பு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டேப் சரி, அவள் சொன்ன இறுக்கமும் சரி. அவளை நீ அளந்த இடத்துக்கும் அந்தப் பட்டி போய் உட்காரும் இடத்துக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

இடுப்பை நாம் எங்கே அளக்கிறோம்? உடம்பு ஒடுங்கும் இடத்தில், தொப்புளை ஒட்டி. இன்றைக்குக் கடையில் தொங்கும் மிட் ரைஸ் ஜீன்ஸின் பட்டி அதற்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேதான் நிற்கிறது. அங்கே பெண் உடம்பு சீட்டை நோக்கி விரியத் தொடங்கிவிடும். மேலே 28 உள்ளவளுக்கு அந்த இடத்தில் 31, 32 இருப்பது சாதாரணம். உன் வாடிக்கையாளரை மறுபடி கூப்பிட்டு, நீல பேண்ட்டைப் போடச் சொல்லி, பட்டி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் சின்னக் கோடு போடு. பிறகு பேண்ட்டை இறக்கிவிட்டு அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்று. 31½ போல வரும் என்று நினைக்கிறேன். ஸ்ட்ரெச் துணியில் பட்டி உடம்பைவிட ஓர் அங்குலம் குறைவாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். அதனால்தான் 30½ கச்சிதமாக இருக்கிறது. 29½ என்றால் இரண்டு அங்குலம் இழுபட வேண்டும். அதுதான் வயிற்றில் வெட்டுகிறது.

ஆக, லேபிளின் 28 துணியின் சுற்றளவு இல்லை. “மேல் இடுப்பு 28 உள்ளவள் இதைப் போடலாம்” என்று கம்பெனி சொல்லும் குறிப்பு அது. அதே கம்பெனி அதே 28-ஐ ஹை ரைஸில் போட்டால் பட்டி தொப்புளருகே வந்துவிடும், ஸ்ட்ரெச் வேறு இருக்கும், டேப்பில் 27 காட்டும். ஸ்ட்ரெச்சே இல்லாத லோ ரைஸில் 32 காட்டும். மூன்றும் ஒரே பெண்ணுக்குப் பொருந்தும். வாங்குகிறவர் மனம் குளிர நம்பரைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அது பொய்யும் இல்லை. ஆனால் என் கணக்கில் பாதிக்கு மேல் பழி ரைஸுக்குத்தான் போக வேண்டும். லோ ரைஸ் ஃபேஷன் வந்து பட்டி கீழே இறங்கியபோது நம்பர் மட்டும் மேலேயே நின்றுவிட்டது.

டிரெஸ் நம்பர் இன்னொரு வம்சம். ஜீன்ஸ் நம்பர் ஆண்கள் வேலைக்குப் போடும் பேண்ட்டிலிருந்து வந்தது. லீவைஸ் 1934-இல் பெண்களுக்கென்று முதல் ஜீன்ஸ் கொண்டுவந்தது. ஆண்கள் பேண்ட்டின் அங்குலக் கணக்கு பெண்கள் ஜீன்ஸிலும் நிலைத்துவிட்டது. அமெரிக்க டிரெஸ்ஸின் 6, 8, 10 எதையும் அளப்பதில்லை, வெறும் வரிசை எண். 1940 வாக்கில் அங்கே வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது. அதை வைத்து 1958-இல் ஓர் அரசுத் தர அட்டவணை வந்தது. அதில் மார்பளவுதான் தலைமை, இடுப்பு அதன் பின்னால் வரும். அந்த அட்டவணையில் 8-க்கு இடுப்பு 23½ அங்குலம். 1983-இல் அரசு அதை விலக்கிக்கொண்ட பிறகு கம்பெனிக்கு ஒரு 8 ஆகிவிட்டது. இன்றைய 8-ஐ அந்தப் பழைய 8-காரி போட்டால் கழன்று விழும்.

இது உனக்கு எதற்கு என்றால், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கமிருந்து எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று மூட்டை மூட்டையாக வருமே, அதற்காக. லேபிளில் 6 என்று இருந்தால் அமெரிக்கக் கணக்கு, ஏறக்குறைய ஜீன்ஸ் 28. அதே உடம்புக்கு இங்கிலாந்துக் கணக்கில் 10, ஐரோப்பாவில் 38. குர்த்தியில் 38 என்றால் மார்பு அங்குலம் என்று பழகிய பெண், பேண்ட் லேபிளில் 38-ஐப் பார்த்ததும் “இது யாரோ குண்டம்மாவுக்கு” என்று தள்ளிவிடுவாள். அவளுக்கே அது பொருந்தியிருக்கும். இந்த மூன்று கணக்கையும் ஒரு அட்டையில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவை. தோராயம்தான் என்பதையும் அதிலேயே எழுது, இல்லாவிட்டால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள்.

இனி நீலமும் கறுப்பும் ஏன் ஓர் அங்குலம் வித்தியாசப்பட்டன என்று பார்ப்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேட்டர்ன் மேஜையில் நின்ற காலத்தில் எங்களைத் தூங்கவிடாத விஷயம் இது. ஜீன்ஸைத் தைத்த பிறகுதான் வாஷிங்குக்குப் போடுவார்கள். ஸ்ட்ரெச் டெனிமில் இழுவை நூல் ஊடையில்தான் ஓடும். ஊடை காலைச் சுற்றியும் இடுப்பைச் சுற்றியும் வருகிறது. பெண்கள் ஜீன்ஸின் வளைவுப் பட்டியும் பல இடங்களில் அதே வாக்கில்தான் வெட்டப்படும். தண்ணீரும் சூடும் பட்டதும் அந்த வாக்கில் துணி நன்றாகச் சுருங்கும். ஒரு துணி 12 சதம் சுருங்குகிறது என்று வை. முடிந்த பேண்ட்டில் பட்டி 30½ வேண்டுமென்றால் 30½-ஐ 0.88-ஆல் வகுத்து, பேட்டர்னை ஏறக்குறைய 34⅝ அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். கட்டிங் டேபிளில் அதைப் பார்க்கிறவன் யானைக்குத் தைக்கிறார்களா என்பான்.

சிக்கல் அடுத்த ரோலில் வரும். அது 12-க்குப் பதில் 15 சதம் சுருங்கினால் அதே 34⅝ வாஷிங்கிலிருந்து 29½-ஆகத்தான் வெளியே வரும். மூன்று சதம் பிசகியதற்கு ஓர் அங்குலம் போயிற்று. நூல் வேறு, சாயம் வேறு, மில் லாட் வேறு என்றால் இப்படி நடக்கும். கறுப்புத் துணிக்கும் நீலத்துக்கும் இந்த மூன்றுமே வேறாக இருக்கலாம். ஒழுங்கான யூனிட்டில் ஒவ்வொரு ரோலிலும் துண்டு வெட்டி, துவைத்து, சுருக்கத்தை அளந்து, ஒரே மாதிரிச் சுருங்கும் ரோல்களைக் கூட்டி, கூட்டத்துக்கு ஒரு பேட்டர்ன் போடுவார்கள். அவசர ஆர்டரில் இந்த வேலையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். பையர் கொடுக்கும் டாலரன்ஸ் பொதுவாக அரை அங்குலம் கூட, அரை அங்குலம் குறைய. 30½-க்கு 29½ என்பது அதையும் தாண்டியது. உன் கடைக்கு வந்த கறுப்பு அப்படித் தப்பி வந்ததாக இருக்கலாம். கறுப்புக்கே கம்பெனி வேறு அளவு வைத்திருக்கவும் கூடும், பேண்ட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

நீ அளக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டனைப் போட்டு, ஜிப்பை ஏற்றி, பேண்ட்டை மேஜையில் முன்பக்கம் மேலே இருக்கும்படி விரி. முன் பட்டி பின் பட்டியைவிடச் சற்றுத் தாழ்ந்து வளைந்திருக்கும். அந்த வளைவை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓரம் டேப்பை நேராகப் பிடித்தால் அளவு குறையும். இரண்டு பட்டியின் மேல் விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்து நேராக்கி அள, பிறகு இரண்டால் பெருக்கு. இழுக்காமல் ஒரு தடவை, தையல் நூல் விறைக்கும் வரை இழுத்து ஒரு தடவை. இரண்டையும் எழுது. முதல் அளவு லேபிளோடு சண்டை போடுவதற்கு, இரண்டாவதுதான் உடம்புக்குள் நுழையுமா என்று சொல்வது. நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய ஸ்ட்ரெச் பேண்ட் தளர்ந்து நிற்கும், அதை அளக்காதே. துவைத்துக் காய்ந்ததைக் கொண்டுவரச் சொல். நீல பேண்ட் அன்றைக்கு உடுத்தியதாக இருந்தால் உன் 30½-இல் கால் அங்குலம் கள்ளக் கணக்காகக்கூட இருக்கும்.

லேபிளில் சென்டிமீட்டர் இருந்தால் பார். பிரித்து வைத்து விற்கும் துணிக்கும் எஸ், எம், எல்லோடு மெட்ரிக் அளவையும் சொல்ல வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 28-க்கு 71 என்று போட்டிருப்பார்கள். 28-ஐ 2.54-ஆல் பெருக்கிய எண்தான் அது. உடம்பில் எந்த இடம் என்று அதுவும் சொல்லாது. நிஃப்ட் 25,000 பேருக்கு மேல் ஸ்கேன் செய்து இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை போட எடுத்த வேலையும், பட்டி எங்கே நிற்கும் என்பதைத் தீர்த்துவைக்காது. அது டிசைனர் கையில் இருக்கிறது.

கறுப்பு பேண்ட்டை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். ஜீன்ஸில் இடுப்பைப் பிடிப்பது சுலபம், விடுவது நடக்காத காரியம். நம் பிளவுஸ் மாதிரி உள்ளே தையலுக்கு விட்ட துணி கிடையாது, பின் சீட் தையல் மடித்து இரட்டைத் தையலில் அடைத்திருக்கும். விட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பட்டியைப் பிரித்து முக்கோணத் துண்டு வைக்க வேண்டும். அரை அங்குலத் துண்டு பக்கத்துக்கு ஒன்று வைத்தால் 30½ வந்துவிடும். ஆனால் துண்டு அதே கறுப்பு டெனிமாக, அதே இழுவையோடு இருக்க வேண்டும். கால் மடிப்பில் நீளம் வெட்டினால் அந்தத் துணியையே எடுத்துக்கொள். அவள் உயரத்துக்கு எப்படியும் இரண்டு அங்குலம் வெட்டத்தான் போகிறாய்.

எதிர்க் கேஸும் வரும். சீட் பொருந்தி, பின் இடுப்பில் மட்டும் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும். நம் பெண்களுக்கு அது அதிகம். பின் சீட் தையலில் மொத்தம் ஓர் அங்குலம் வரை பிடி. அதற்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட் இரண்டும் நடுவில் வந்து முட்டி நிற்கும், கோணல் எட்ட இருந்தே தெரியும். ஒன்றரை, இரண்டு பிடிக்க வேண்டியிருந்தால் பட்டியைக் கழற்றி, பாக்கெட்டுக்கு மேலே பக்கத்துக்கு ஒரு டார்ட் போட்டு, பட்டியைச் சுருக்கித் திரும்ப வை. கூலியை முன்னாலேயே சொல்லிவிடு. இரண்டு மணி நேர வேலை அது. அறுபது ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள்.

அன்புடன்,
உன் பழைய மாஸ்டர்